கூடுதல் 15,000 லாபமா, டெலிவரிக் கூலியா? மாவுக்கடையைப் பெருக்க மூன்று வழிகள்

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் வங்கிக் கடனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரித்துக் கொடுப்பதும் என் தொழில். ரிப்போர்ட்டில் மெஷின் விலை, வாடகை, கரண்ட், ஆள் கூலி, வட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி உண்டு. கடையில் யார் அதிக நேரம் உழைக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் வரி கிடையாது. தனி உரிமையாளர் கடையில் முதலாளி தனக்கே சம்பளம் எழுதிக்கொள்ள முடியாது. அவர் எடுக்கும் பணம் 'எடுப்புகள்' என்ற தலைப்பில் போய்விடும். வருமான வரிக்கு அதுதான் சரியான முறை. ஆனால் கடையைப் பெருக்கலாமா என்று யோசிக்கும்போதும் அதே கணக்கையே எடுத்து வைத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் சிக்கல். முதலாளியின் நேரத்துக்கு விலை சைபர் என்று வைத்துவிட்டால், அந்த நேரத்தை அதிகம் விழுங்குகிற திட்டம்தான் எப்போதும் லாபமாகத் தெரியும்.

ஈரோடு பக்கம் ஒரு இட்லி மாவுக்கடை. கணவன், மனைவி, கணவரின் அப்பா மூவரும் பார்த்துக்கொள்கிறார்கள். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுதாக்கித் தருகிறேன். தினமும் 90 கிலோ மாவு, கிலோ 50 ரூபாய்க்குக் கடையிலேயே விற்கிறது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 31 ரூபாய் அடக்கம். கிலோவுக்கு 19 ரூபாய் நிற்கிறது என்றால் மாதம் 51,300. வாடகை 9,000, பாத்திரம் கழுவ வரும் அக்காவுக்கு 8,000, கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது போன்ற சில்லறைச் செலவு 2,300. மீதி 32,000. இதைத்தான் அவர்கள் 'மாச லாபம்' என்கிறார்கள்.

அந்த 32,000-க்குப் பின்னால் கணவர் நாளைக்கு 10 மணி நேரம், மனைவி 6 மணி நேரம் நிற்கிறார்கள். லீவு இல்லை. மாதம் 480 மணி நேரம். அப்பா கல்லாவில் உட்காருவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

இதே இருவரும் கடையை மூடிவிட்டு வெளியே போனால் என்ன கிடைக்கும்? கணவர் முன்பு பார்த்த மில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்று 20,000 கொடுக்கிறார்கள். 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம். மனைவி தையல் தெரிந்தவர். வீட்டிலிருந்தே மாதம் 120 மணி நேரம் உட்கார்ந்தால் 7,000 வரும். ஆக 328 மணி நேரத்துக்கு 27,000. கடை தருவது 480 மணி நேரத்துக்கு 32,000. கூடுதலாக வரும் 5,000-க்கு அவர்கள் கொடுக்கும் கூடுதல் நேரம் 152 மணி, அதாவது மணிக்கு 33 ரூபாய். வேலைக்குப் போய்வரும் நேரத்தையும் பஸ் காசையும் கழித்தால் இடைவெளி கொஞ்சம் சுருங்கும். சொந்தக் கடை என்ற நிம்மதிக்கும், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதற்கும் அவரவர் ஒரு விலை வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும். வாய்ப்புச் செலவு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இந்த வேலையில் இறங்கியதால் கைவிட்டுப்போன அடுத்த நல்ல வாய்ப்பின் மதிப்பு அது.

ஒன்றைக் கவனியுங்கள். 20,000-ஐ 208 மணியால் வகுத்து மணிக்கு 96 ரூபாய் என்று எடுத்து, கடையில் நிற்கும் 300 மணி நேரத்தோடும் பெருக்கி '28,800 போச்சு' என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. அந்த மில் 300 மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்காது. கைவிட்ட வாய்ப்பு உண்மையில் கிடைக்கக்கூடியதாக இருந்தால்தான் அதைக் கணக்கில் சேர்க்கலாம்.

இது கடைக்காரர்களுக்கென்று நான் கண்டுபிடித்த கணக்கும் அல்ல. பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை பரிந்துரைக்கும் மத்திய ஆணையம், கையை விட்டுப் போன செலவை ஏ2 என்றும், அதோடு குடும்பத்தார் வயலில் செய்த வேலைக்கு ஒரு கூலி மதிப்பைச் சேர்த்து ஏ2+எஃப்எல் என்றும் எழுதுகிறது. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு, சொந்த முதலின் வட்டி இவற்றையும் சேர்த்தால் சி2. ஆதரவு விலை இவற்றில் எதன் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் இன்றும் சண்டை போடுவது இந்த எழுத்துகளை வைத்துத்தான். அந்தச் சண்டையிலும், குடும்ப உழைப்புக்கு விலை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. மாவுக்கடைக்காரர் மட்டும் ஏன் ஏ2-விலேயே நிற்க வேண்டும்?

இப்போது அவர்கள் முன்னால் இருந்த மூன்று வழிகளுக்கு வருவோம். ஒன்று, பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்கு சப்ளை. இரண்டு, 3 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடை. மூன்றாவது வழியைக் கணவர் 'பெருக்கற' வழியாகவே எண்ணவில்லை. அது மனைவி சொன்னது.

சப்ளையை முதலில் எடுப்போம். எல்லாருக்கும் ஆசை அங்கேதான். பெரிய கிரைண்டர், சீலிங் மெஷின், ஃப்ரீசர், பழைய மொபெட் என்று இரண்டரை லட்சம். ஐந்து வருஷக் கடன், 11 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 5,400. பாக்கெட் விலை 55 போட்டு கடைக்காரருக்கு 44-க்குக் கொடுக்க வேண்டும். அடக்கம் பாக்கெட் கவரோடு 34. கிலோவுக்கு 10 ரூபாய். நாளைக்கு 100 கிலோ போனால் ஆயிரம் ரூபாய். இதில் ரிட்டர்ன் கழிய வேண்டும். விற்காத பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார், நாம் வாங்கித்தான் ஆக வேண்டும். 100-க்கு 5 திரும்பினால் 220 ரூபாய் போச்சு. மீதி நாளைக்கு 780, மாதம் 23,400. பெட்ரோல் 3,000, தவணை 5,400 போக 15,000 நிற்கும். 'மாசம் பதினைஞ்சு கூடுதலா வருதுங்க சார், ஏன் வேண்டாங்கறீங்க' என்றார் கணவர்.

எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். அரவை ஒரு மணி, காலை ஆறு முதல் ஒன்பது வரை டெலிவரி, அது அவருக்கு. பேக்கிங் இரண்டு மணி நேரம் மனைவிக்கு. மாதம் 180 மணி நேரம். 'அது சும்மா இருக்கற நேரந்தானுங்க.' அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எந்த மணிக்கு யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன். பகல் இரண்டு முதல் மூன்றரை வரை உண்மையிலேயே சும்மாதான் இருக்கிறார், கிரைண்டர் ஓடும், அவர் போன் பார்ப்பார். அந்த நேரத்துக்குச் சைபர் விலை போட்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் டெலிவரி காலை ஆறு முதல் ஒன்பது வரை. அதே நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிற வீடுகள் அவசரமாக மாவு வாங்க வரும். அவர் வண்டியில் போய்விட்டால் கல்லாவில் அப்பா மட்டும். மாவு அள்ளி, எடை போட்டு, சில்லறை கொடுத்து, ஜிபே வந்ததா என்று பார்த்து, அவரால் அந்தக் கூட்டத்தைத் தனியாகச் சமாளிக்க முடியாது. தினம் 15 கிலோ விற்பனை பக்கத்துக் கடைக்குப் போகும் என்று வைத்தால்கூட நாளைக்கு 285 ரூபாய், மாதம் 8,550. பதினைந்தாயிரம் 6,450 ஆகிறது. 180 மணியால் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய். பாத்திரம் கழுவும் அக்காவுக்கு இவரே அதைவிட அதிகம் கொடுக்கிறார்.

'சரிங்க, ஆள் வெச்சுக்கறேன்' என்றார். வைத்துப் பார்ப்போம். டெலிவரிக்கும் அரவைக்கும் அரை நாள் ஒரு பையன் 12,000, பேக்கிங்குக்கு ஒரு பெண் 4,000. மொத்தம் 16,000. வந்தது 15,000. ஆக அந்தப் பதினைந்தாயிரம் தொழிலின் லாபமே இல்லை. குடும்பமே டெலிவரிப் பையனாகவும் பேக்கிங் ஆளாகவும் வேலை பார்த்ததற்கான கூலி அது, அதுவும் ஆயிரம் ரூபாய் குறைவாக. கூலிதான் வேண்டுமென்றால் கடன் இல்லாமல் வேறு இடத்திலும் சம்பாதிக்கலாம்.

இங்கே இரண்டு விதமான விலை வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் நான் வேறு என்ன செய்திருப்பேன் என்பது ஒன்று. என் இடத்தில் ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்பது இன்னொன்று. முதல் விலை இந்தத் திட்டத்தில் இறங்கலாமா என்பதற்கு. இரண்டாவது, நான் படுத்துவிட்டால் இது நிற்குமா என்பதற்கு. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. 66 வயது அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வெளியே யாரும் வேலை கொடுக்கப் போவதில்லை, வீட்டில் டிவி முன்னால் உட்காருவதற்குக் கடையில் உட்காருவது அவருக்கே பிடித்திருக்கிறது. முதல் விலையில் அவர் நேரம் கிட்டத்தட்ட சைபர். ஆனால் ஐந்து வருஷக் கடனை அவர் கல்லாவில் உட்காருவார் என்ற நம்பிக்கையில் வாங்கினால், மூன்றாவது வருஷம் முழங்கால் ஆபரேஷன் வரும்போது மாதம் 6,000 செலவு புதிதாக முளைக்கும். அவருக்கு எப்போதும் இரண்டாவது விலையைத்தான் போட வேண்டும். மனைவிக்கு இரண்டையும் போட்டுப் பார்த்து எது அதிகமோ அதை எடுங்கள். 'வீட்ல சும்மாதானே இருக்கா' என்ற வாக்கியம் எந்த வீட்டில் வருகிறதோ அந்த வீட்டில் தையல் மெஷின் தூசி படிந்து கிடக்கும்.

சப்ளை வழியை இதோடு தள்ளிவிடவும் கூடாது. அதற்கு ஒரு குணம் உண்டு. 25 கடைக்கு 4 பாக்கெட் வீதம் போடுவதற்கும் 8 பாக்கெட் வீதம் போடுவதற்கும் சுற்றும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 200 கிலோவாகப் போனால் மாதம் 46,800. கடனை 4 லட்சமாக்கித் தவணை 8,700, பெட்ரோல் 3,500, முழு நேர ஆள் 15,000, பேக்கிங்குக்கு 9,000 எல்லாம் போக 10,600 நிற்கும். அப்போது முதலாளி செய்வது ஆர்டர் எடுப்பது, வசூலுக்குப் போவது மட்டும். மாதம் 60 மணி நேரம் என்றால் மணிக்கு 177 ரூபாய். அதே தொழில், அளவு இரண்டு மடங்கு, ஒரு மணி நேரத்தின் பலன் ஐந்து மடங்கு. 100 கிலோவில் நின்றால் அடிமாட்டுக் கூலி, 200-ஐத் தொட்டால் தொழில்.

கேள்வி, 200-க்கு எத்தனை மாதத்தில் போவது என்பதே. புதுப் பாக்கெட்டைக் கடைக்காரர் முதலில் இரண்டுதான் வைக்கச் சொல்வார். முதல் ஆறு மாதம் 50 கிலோ என்று வையுங்கள். மாதம் வருவது 11,700. பெட்ரோலும் தவணையும் போக 3,300. சுற்றும் நேரம் குறையாது, பேக்கிங் பாதியாகும், வேலையின் மதிப்பு 14,000. மாதம் 10,700 பள்ளம். ஆறு மாதத்துக்கு 64,000. இந்த 64,000-ஐ நஷ்டம் என்று எழுத வேண்டாம், முதலீடு என்று எழுதுங்கள். ஆனால் எங்காவது எழுதுங்கள். மெஷின் இரண்டரை லட்சம், குடும்பம் போட்ட உழைப்பு 64,000, ஆக மொத்த முதல் 3,14,000 என்று காகிதத்தில் இருந்தால்தான் பத்தாவது மாதமும் 60 கிலோவிலேயே நிற்கும்போது 'இன்னும் எவ்வளவு போடப் போகிறோம்' என்ற கேள்வி வரும். எழுதாத வீடுகளில் அந்தக் கேள்வி வருவதே இல்லை. மூன்று வருஷம் ஓடிவிடும்.

ஏப்ரல், மே மாதங்கள் தனி. கடைக்காரரின் ஃப்ரிட்ஜ் மதியம் கரண்ட் போனால் நின்றுவிடும், மாவு பொங்கிக் கவர் பலூன் மாதிரி உப்பிவிடும். உப்பிய பாக்கெட்டை யாரும் தொட மாட்டார்கள். ரிட்டர்ன் 5-லிருந்து 10 ஆனால் 100 கிலோவில் நிற்பது 15,000 அல்ல, 8,400. உழைப்பு அதேதான். சொல்லப்போனால் அதிகம், ஏனென்றால் உப்பியதைச் சுற்றிப் பொறுக்கி எடுக்கவும் நேரம் ஆகும்.

இரண்டாவது கடையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நாளைக்கு 60 கிலோ விற்றால் மாதம் 34,200. வாடகை 8,000, கல்லாவில் ஆள் 12,000, இரண்டு லட்சத்துக்குத் தவணை 4,350, மாவு கொண்டுபோகும் வண்டிச் செலவு 1,500, சில்லறை 1,350. நிற்பது 7,000. அவருக்குக் கூடுதல் வேலை நாளைக்கு 4 மணி நேரம், அதாவது மணிக்கு 58 ரூபாய். சப்ளையை விடக் கொஞ்சம் தேவலை போலத் தெரியும். அரவை பெரும்பாலும் பகலில் அவர் சும்மா இருக்கும் நேரத்திலேயே நடந்துவிடும் என்பது உண்மையும்தான். ஆனால் அந்த 4 மணி நேரத்துக்கு ஆள் போட்டால் 9,000, நிற்பது மைனஸ் 2,000. சப்ளைக்கு இருந்த குணம் இதற்கு இல்லை. மூன்றாவது கடை போட்டால் இன்னொரு வாடகை, இன்னொரு ஆள், இன்னொரு 4 மணி நேரம். அளவு கூடினாலும் முதலாளியின் ஒரு மணி நேரத்தின் மதிப்பு ஏறாது. கல்லா ஆள் சொல்லாமல் லீவு போடும் நாளில் முதலாளி எந்தக் கடையில் நிற்பார் என்பதும் இருக்கிறது. இந்த வழி வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

மூன்றாவது வழி. 'ஏனுங்க, இருக்கற கடையிலயே அடை மாவு, ஆப்ப மாவு, கேழ்வரகு மாவு போட்டா என்ன?' என்று மனைவி கேட்டிருக்கிறார். இருக்கிற இரண்டு சின்னக் கிரைண்டரில் ஒவ்வொரு ஈடும் கையால் வழித்தெடுக்கிறார்கள், தொட்டியைக் கழுவி மறுபடி கல்லைப் போடுகிறார்கள். அதை மாற்றி 80,000-க்கு ஒரு டில்டிங் கிரைண்டர் வாங்கினால் சாய்த்து ஊற்றிவிடலாம், ஈடும் குறையும். தினம் இரண்டு மணி நேரம் மிச்சம். தவணை 1,740. அந்த மிச்ச நேரத்தில் ஒன்றரை மணி நேரம் எடுத்து, 12 கிலோ சிறப்பு மாவு அரைத்தால் கிலோவுக்கு 30 ரூபாய் நிற்கும். மாதம் 10,800, தவணை போக ஏறக்குறைய 9,000. வாடகை கூடவில்லை, ஆள் கூடவில்லை, வாங்குபவர் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார். உழைப்பு நேரம் கூடுவதற்குப் பதில் மாதம் 15 மணி நேரம் குறைகிறது. மணிக்கு எவ்வளவு என்று வகுக்கவே முடியாத கணக்கு இது.

12 கிலோ போகாமல் 5 கிலோவோடு நின்றால்? மாதம் 4,500, தவணை போக 2,760, நேரம் அப்போதும் மிச்சம்தான். தோற்றாலும் பெரிய அடி விழாது. ஆனால் இதற்கு உச்சவரம்பு உண்டு. அந்தத் தெரு தின்கிற அடை மாவுக்கு ஒரு அளவு இருக்கிறது. 15 கிலோவுக்கு மேல் தள்ள முடியாது. பிள்ளைகளுக்குப் பெரிய தொழிலாகக் கொடுக்க வேண்டும் என்ற கனவு இருந்தால் இந்த வழி அங்கே கொண்டுபோய் விடாது. கணவர் இதைப் பெருக்கமாகவே எண்ணாததற்குக் காரணம் அதுதான், அதில் நியாயமும் இருக்கிறது.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உணவுப் பொருள் தயாரிக்கும் சிறு தொழில்களுக்கு மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில், தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் என்று வைத்தார்கள். இந்த மாதிரி மானியங்கள் வந்தவுடன் ரிப்போர்ட்டில் மெஷின் பெரிதாகிவிடும். சப்ளை வழியில் இரண்டரை லட்சம் முழுவதற்கும் 35 சதவீதம் கிடைத்தாலும் மாதத் தவணையில் குறைவது சுமார் 1,900. வேலையின் மதிப்பு 16,000 அப்படியே நிற்கிறது. மானியம் மெஷினுக்குத்தான் கிடைக்கும், காலை ஆறு மணிக்குக் கிடைக்காது. வங்கியும் இதைக் கேட்காது. கடனைக் கட்ட முடியுமா என்பதே அவர்கள் கவலை, முதலாளி கூலி வாங்காமல் உழைத்தால் கட்ட இன்னும் நன்றாகவே முடியும். ரிப்போர்ட் அழகாகப் பாஸ் ஆகும்.

கடைசியில் நான் சொன்ன வரிசை இது. முதலில் டில்டிங் கிரைண்டர், சிறப்பு மாவு. மிச்சமாகும் நேரத்தில் ஒரு பகுதியும் மாதம் வரும் கூடுதல் பணமும் கையில் இருக்கும்போது, ஒன்பது மணிக்கு மேல், காலைக் கூட்டம் கலைந்த பிறகு, பக்கத்தில் எட்டுப் பத்துக் கடைக்கு மட்டும் பாக்கெட் போட்டுப் பார்ப்பது. கடன் வாங்காமல், கையால் சீல் அடித்து. எந்தக் கடையில் நாலுக்கு மேல் போகிறது, எங்கே உப்பித் திரும்புகிறது என்று இரண்டு கோடை பார்த்தால் 200 கிலோ எட்டுமா என்று ஓரளவு தெரிந்துவிடும். எட்டும் என்று தோன்றினால் முதல் நாளிலிருந்தே ஆள் கூலியோடு கணக்குப் போட்டு இறங்கலாம், ஆறு மாதப் பள்ளத்துக்கான பணத்தையும் கடனோடு சேர்த்தே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கணவர் அரைமனதாகத்தான் தலையாட்டினார். மனைவி அந்த நோட்டைத் தொடர்ந்து எழுதுகிறார். அதில் இப்போது தையலுக்கும் ஒரு பத்தி இருக்கிறது, ஒரு பிளவுஸுக்கு 150 ரூபாய் என்று.